ஆய்வு முன்னேற்ற அறிக்கை, ஜனவரி முதல் ஜூன் வரை (நான்காம் ஆண்டு)

கமிட்டி உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். போன மீட்டிங்ல, ஃபார்மல் ஸ்லைடு வேணாம், நடந்தத நடந்தபடி எழுதி அனுப்புன்னு சேர்பெர்சன் மேடம் சொன்னதால இப்படியே எழுதுறேன்.

முதல் மூணு சாப்டரும் முடிஞ்சுது. அறிமுகம், இலக்கிய ஆய்வு ரெண்டும் கைடு திருத்தம் போட்டு திரும்ப வந்தாச்சு. 2009-ல 3.8% எஃபிஷியன்சியோட ஆரம்பிச்ச பெரோவ்ஸ்கைட் சோலார் செல் இவ்வளவு வேகமா வளர்ந்தும், ஈரத்தையும் சூட்டையும் தாங்குறதுதான் இன்னும் பெரிய சிக்கல்னு ரெண்டாவது சாப்டர் முடியுது, என் வேலை அங்கிருந்துதான் தொடங்குது. மூணாவது சாப்டர்ல 5, 10, 15 சதவீதம் சீசியம் சேர்த்த ஃபிலிம்கள ஒப்பிட்டிருக்கேன். FAPbI3-ல கருப்பு ஃபேஸ் ரூம் டெம்பரேச்சர்ல நிலையா நிக்காம மஞ்சளா மாறிடும், சீசியம் சேர்த்தா அது தள்ளிப்போகுது. எனக்கு 10 சதவீதம்தான் நல்லா வந்துச்சு, அதனால FA0.9Cs0.1PbI3-ஐயே அடுத்த வேலைக்கெல்லாம் எடுத்துக்கிட்டேன்.

இப்ப தாமதம் பத்தி. நாலாவது சாப்டர் மார்ச்சுலயே முடியும்னு சொல்லியிருந்தேன், முடியல. பிப்ரவரியில டெஸ்ட்டுக்கு வச்ச செல்கள் ரெண்டே வாரத்துல விழ ஆரம்பிச்சுது. முதல்ல ஸ்பைரோ லேயர் மேலதான் சந்தேகம், அதுல போடுற லித்தியம் உப்பு ஈரத்த இழுக்கும்ல. அத மாத்தி பிடிஏஏ போட்டும் அதே கதை. அப்புறம் டெஸ்ட்டுக்கே போகாத, அன்னிக்கு காலைல போட்ட புது ஃபிலிம எக்ஸ்ஆர்டில வச்சு பாத்தேன், 11.8 டிகிரில மஞ்சள் ஃபேஸோட பீக் நிக்குது. மூணாவது சாப்டர்ல இதே கலவைக்கு அந்த பீக் வரவே வராதுன்னு எழுதியிருக்கேன், அதனால அன்னிக்கு ரொம்ப பயந்துட்டேன், அந்த சாப்டரே தப்போன்னு.

காரணம் க்ளவ்பாக்ஸ். டிஸ்ப்ளேல ஈரம் 1 பிபிஎம்-க்கு கீழன்னே காட்டிட்டு இருந்துச்சு, ஆனா ஆன்டிசேம்பர சரியா பர்ஜ் பண்ணாம வேணும்னே திறந்தப்பகூட ரீடிங் அசையல. சென்சார் செத்துப்போயிருக்கு, எப்போலருந்துன்னு உறுதியா சொல்ல முடியாததால நவம்பர்ல இருந்து செஞ்ச 24 செல்லோட டேட்டாவையும் தீசிஸ்ல சேர்க்கல, ஒதுக்கிட்டேன். சென்சார் மாத்தி, கேட்டலிஸ்ட் ரீஜெனரேட் பண்ணி முடிய ஏப்ரல் கடைசி ஆயிடுச்சு. அதுக்கப்புறம் முதல் வேலையா மூணு கலவையையும் திரும்ப போட்டு பாத்தேன், மூணாவது சாப்டர் ரிசல்ட் அப்படியே வந்துச்சு. இனிமே ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு ஃபிலிம் எக்ஸ்ஆர்டிக்கு போகாம செல் செய்யப்போறதில்ல, இத லேப்ல இருக்கிற ஜூனியர்ஸுக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

புது பேட்ச் 18 செல், எபாக்சி சீல் போட்டு, ஐஎஸ்ஓஎஸ் டி-3 முறைல, அதாவது இருட்டுல 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதத்துல மே 20 உள்ள வச்சேன். ஜூலை 1-ல 1000 மணி நேரம் முடிஞ்சுது. 14 செல் ஆரம்ப எஃபிஷியன்சில 80 சதவீதத்துக்கு மேல நிக்குது, அதாவது இன்னும் T80 தாண்டல. விழுந்த நாலுலயும் மஞ்சள் ஓரத்துல ஆரம்பிச்சு உள்ள பரவியிருக்கு, நடுவுல கருப்பு அப்படியே இருக்கு. அதனால அந்த நாலுல ஃபிலிம் தானா கெடல, சீல் ஓரத்துலதான் ஈரம் புகுந்திருக்குன்னு நான் நினைக்கிறேன். 18 செல்ல வச்சு இத அடிச்சு சொல்ல முடியாது, ரெண்டாவது 18 செல் ஜூலை 8 உள்ள போகுது, ஆகஸ்ட் 19 வாக்குல வெளிய வரும். 1000 மணி நேரம்னா கிட்டத்தட்ட 42 நாள், எவ்வளவு உழைச்சாலும் அத சுருக்க முடியாது, சேம்பர்ல எனக்கு இருக்கிற இடமும் 18 செல்லுக்குத்தான்.

நாலாவது சாப்டர் டிராஃப்ட் செப்டம்பர் கடைசிக்குள்ள கைடு கைக்கு வந்துடும். மூணாவது சாப்டர்ல இருந்து அனுப்பின பேப்பருக்கு ரிவ்யூ வந்திருக்கு, ஒரு ரிவ்யூயர் கூடுதல் எக்ஸ்ஆர்டி கேட்டிருக்காரு, திரும்ப எடுத்த டேட்டா இருக்கிறதால இந்த மாசமே பதில் போயிடும்.

உங்ககிட்ட ரெண்டு முடிவு கேக்குறேன். ஐந்தாவது சாப்டர்ல ஓர சீல், ஈயக் கசிவு, வெளிப்புற டெஸ்ட்னு மூணு வேலை போட்டிருந்தோம். வெளிப்புற டெஸ்ட்டுக்கு எல்லா பருவமும் பாக்க ஒரு வருஷம் வேணும், அத எடுத்துட்டு, எபாக்சியையும் பியூட்டைல் ரப்பரையும் ஒப்பிடுறதையும், சீல் உடைஞ்சா எவ்வளவு ஈயம் தண்ணில இறங்குதுங்கிறதையும் மட்டும் செப்டம்பர்ல இருந்து நவம்பருக்குள்ள ஆழமா செய்யணும்னு ஆசைப்படுறேன். இன்னொண்ணு, சினாப்சிஸ் செப்டம்பர்ல இருந்து ஜனவரிக்கு தள்ளணும். ரெண்டுக்கும் கைடு சம்மதம் சொல்லிட்டாரு. ஆகஸ்ட் செல்கள் வெளிய வர்றதுக்கு முன்னாடி உங்க பதில் கிடைச்சா பியூட்டைல் ரப்பர் செல்கள இடைவெளி இல்லாம சேம்பர்ல ஏத்திடுவேன்.

எல்லா ரா டேட்டாவும், ஒதுக்கின 24 செல்லோடதும் சேர்த்து, லேப் ஃபோல்டர்ல இருக்கு.

நன்றியுடன்,
உங்கள் ஆய்வு மாணவி