காந்த நாடாக்களை எண்மமாக்கல்: கருத்தரங்கப் பதிவின் சுருக்கம்

பதிவு 1 மணி 52 நிமிடம். பேசியோர்: வேதியியலாளர், ஒலிப்பொறியாளர், காப்பக நிர்வாகி, நூலகர். அடைப்புக்குறிக்குள் உள்ளது பதிவின் நேரம் (மணி:நிமிடம்). மேற்கோள் குறிக்குள் உள்ளவை மட்டுமே பேச்சாளரின் சொந்தச் சொற்கள்.

ஒட்டும் நாடாக்கள்

வேதியியலாளர் (0:09): 1970, 80களில் வந்த சில நாடாக்களில் காந்தத் துகள்களை நாடாவில் ஒட்டவைக்கும் பாலியூரித்தேன் பிணைப்பான் காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது. ஓடவிட்டால் கீச்சொலி எழும், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பசை படியும். அப்போதே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் ஆக்சைடு உரிந்து ஒலியும் போய்விடும். 54 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் சூடாக்கினால் சில வாரங்களுக்கு ஓடும் நிலைக்கு வரும். (54 என்பது காதில் தெளிவாக விழவில்லை, 0:13இல் வரும் ஸ்லைடிலிருந்து எடுத்தது.) சமையல் ஓவன் வேண்டாம், அதில் வெப்பம் எகிறி இறங்கும். அசிடேட் நாடாவைச் சூடாக்கவே கூடாது: "சுருளை விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அசிடேட்."

ஒலிப்பொறியாளர் (0:21) இடைமறித்தார்: 8 மணி நேரம் கால் அங்குல நாடாவுக்குத்தான், அகல நாடாவுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வேதியியலாளர் ஒப்புக்கொண்டார்.

பதிவெடுத்தல்

ஒலிப்பொறியாளர் (0:34): ஒவ்வொரு நாடாவுக்கும் அசிமத்தை, அதாவது நாடாவை நோக்கி ஹெட் நிற்கும் கோணத்தை, தனியாகச் சரிசெய்ய வேண்டும். இரு தடங்களையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டு, உயர் ஒலிகள் மிகத் தெளிவாகும் வரை ஹெட்டின் திருகைத் திருப்ப வேண்டும். இங்கே இழந்ததைப் பின்னால் மென்பொருளில் முழுதாக மீட்க முடியாது.

ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற மாதிரி வீதத்தில் உடன்பாடு ஏற்படவில்லை. ஒலிப்பொறியாளர் (0:48) 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றார். பேச்சுப் பதிவுக்கு 48 போதும் என்றார் நிர்வாகி (0:51): ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு 96இல் சுமார் 2 ஜிபி, 48இல் அதில் பாதி. பழுதான நாடாவை மறுபடி ஓட்ட முடியாமல் போகலாம் என்பது பொறியாளரின் பதில். நிர்வாகி மறுக்கவில்லை, ஏற்றதாகவும் சொல்லவில்லை.

நூலகர் (1:10): கோப்பு பின்னால் மாறியதா எனக் காட்டும் எண்ணான செக்சமை, கோப்பு உருவான உடனே எடுக்க வேண்டும், நகலெடுத்த பிறகு அல்ல. உறையில் எழுதியிருப்பதைப் பிழையோடு அப்படியே பதிந்து, திருத்தத்தைத் தனிப் புலத்தில் தர வேண்டும்.

தீராத கேள்விகள்

96ஆ, 48ஆ? யார் முடிவெடுப்பது என்பதும் பேசப்படவில்லை.

இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையில் பதிந்ததா என்ற குறிப்பு இல்லாத கேசட்டை எப்படி எடுப்பது? டீகோட் செய்யாமல் எடுத்து வைக்கலாம் என்றது அவையிலிருந்து வந்த குரல் (1:27, பேசியவர் யாரெனத் தெரியவில்லை). பதிவான ஒலி அளவு தெரியாவிட்டால் பின்னால் டீகோட் சரியாக வராது என்றார் பொறியாளர். பேச்சு அங்கேயே நின்றது.

ஒரு முறை சூடாக்கிய நாடாவை எத்தனை முறை மறுபடி சூடாக்கலாம்? நூலகர் கேட்டார் (1:33). வேதியியலாளரின் பதிலில் 1:34 முதல் 1:36 வரை மைக் அணைந்திருந்தது. அவரிடமே எழுதிக் கேட்க வேண்டும்.

குரல் பதிவானவர்களின் ஒப்புதல் இல்லாத நாடாக்களை இணையத்தில் வெளியிடலாமா? நிர்வாகி எழுப்பினார் (1:44), யாரும் பதில் சொல்லவில்லை.