திடலைச் சமப்படுத்த ரோடு ரோலர் எத்தனை சுற்று சுற்ற வேண்டும்?

கணக்கு: ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடல் 66 மீ நீளமும் 40 மீ அகலமும் உடையது. அதைச் சமப்படுத்தும் ரோடு ரோலரின் உருளைக்கு விட்டம் 140 செ.மீ, நீளம் 2 மீ. திடல் முழுவதையும் ஒரு தடவை சமப்படுத்த உருளை எத்தனை முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும்? (π = 22/7)

தீர்வுக்குள் போகும் முன் ஒரு பால்பவுடர் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளை நேராகக் கீறிப் பிரித்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் ஒரு பக்கம் டின்னின் சுற்றளவு, மறுபக்கம் டின்னின் உயரம். ரோலர் ஒரு சுற்று உருளும்போது இந்தச் செவ்வகத்தைத்தான் தரையில் விரித்துவிட்டுப் போகிறது. ஆகவே ஒரு சுற்றில் சமமாகும் பரப்பு உருளையின் வளைபரப்புக்குச் சமம். ரோலரின் உருளை படுத்த நிலையில் இருப்பதால், அதன் நீளம்தான் சூத்திரத்தில் வரும் h.

தீர்வு:

விட்டம் = 140 செ.மீ = 1.4 மீ; ஆரம் r = 0.7 மீ; h = 2 மீ

வளைபரப்பு = 2πrh = 2 × 22/7 × 0.7 × 2 = 8.8 ச.மீ

திடலின் பரப்பு = 66 × 40 = 2640 ச.மீ

சுற்றுகள் = 2640 ÷ 8.8 = 300

விடை: 300 சுற்றுகள்.

விடையை வேறு வழியில் சரிபார்க்கலாம். சுற்றளவு 4.4 மீ. 66 மீ நீளத்தைக் கடக்க 66 ÷ 4.4 = 15 சுற்று. 40 மீ அகலத்தில் 2 மீ அகலப் பட்டைகள் 20 அடங்கும். 15 × 20 = 300.

மதிப்பெண் போவது பெரும்பாலும் நான்கு இடங்களில். விட்டத்தையே ஆரமாகப் போட்டால் வளைபரப்பு 17.6 ச.மீ ஆகி, விடை 150 என்று பாதியாகிவிடும். மொத்தப் புறப்பரப்பு 2πr(h + r) எடுத்தால் 11.88 ச.மீ வரும்; 222 சுற்று போதும் என்று தோன்றும். உருளையின் இரு பக்க வட்டங்களும் தரையைத் தொடுவதே இல்லை, அவற்றைச் சேர்க்கக் கூடாது. மூன்றாவது அலகு. செ.மீ-இல் செய்தால் வளைபரப்பு 88,000 ச.செ.மீ. 1 ச.மீ என்பது 10,000 ச.செ.மீ, 100 என்று நினைத்து வகுத்தால் 880 ச.மீ கிடைத்து, திடல் மூன்றே சுற்றில் முடிந்துவிடும்! நீளங்களை முதலிலேயே மீட்டருக்கு மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. நான்காவது, முன்னும் பின்னும் உருளை உள்ள ரோலர் என்றால் பரப்பை இரட்டிப்பது. பின் உருளை முன் உருளையின் தடத்திலேயே வருகிறது. புதிதாக எந்த இடத்தையும் அது சேர்ப்பதில்லை.

π = 3.14 என்று கொடுத்திருந்தால் வளைபரப்பு 8.792 ச.மீ, சுற்றுகள் 300.27 வரும். இங்கே 300 என்று குறைத்து எழுதக் கூடாது, மிச்சத் துண்டு சமப்படாமல் நின்றுவிடும். 301 என்றே எழுத வேண்டும்.

உண்மைத் திடலில் ஓட்டுநர் பட்டையோடு பட்டை ஒட்டி ஓட்டமாட்டார். நடுவில் வரப்பு போல மண் மேடு நிற்காமலிருக்க, முந்தின தடத்தின் மேல் கொஞ்சம் ஏற்றி ஓட்டுவார். 20 செ.மீ ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பட்டை 2 மீ. அடுத்த ஒவ்வொன்றும் புதிதாகச் சேர்ப்பது 1.8 மீ. மீதி 38 மீட்டருக்கு 38 ÷ 1.8 = 21.1, அதாவது 22 பட்டை. மொத்தம் 23 பட்டை, 23 × 15 = 345 சுற்று. 1.8 மீட்டரை அகலமாக வைத்துப் பரப்பை வகுத்தால் 334 தான் வரும். கடைசிப் பட்டையை முழுசாக ஓட்டியாக வேண்டும் என்பது அந்த வகுத்தலில் தெரியாது. நான்கு தடவை உருட்ட வேண்டுமென்றால் 345 × 4 = 1380.

சுற்றளவை நேரில் அளக்க, உருளையின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோடு தரையைத் தொடும் இடத்தில் ஒரு குச்சி, அடுத்த முறை தொடும் இடத்தில் இன்னொரு குச்சி. இரண்டுக்கும் இடையே டேப் வைத்தால் சுற்றளவு கிடைக்கும், π தேவையில்லை.

செய்து பார்க்க: கிரிக்கெட் பிட்ச் 20.12 மீ × 3.05 மீ. கை ரோலரின் விட்டம் 70 செ.மீ, நீளம் 1 மீ. வளைபரப்பு 2.2 ச.மீ, பரப்பு 61.366 ச.மீ, வகுத்தால் 27.9, தேர்வுக்கு விடை 28 சுற்று. நீளவாக்கில் உருட்டினால் மூன்று பட்டையில் 3 மீ முடிந்து, 5 செ.மீ மிஞ்சும். அந்த 5 செ.மீ-க்காக நான்காவது பட்டை போனால் 4 × 9.145 = 36.58, அதாவது 37 சுற்று.