படுக்கைப்புண் தடுப்பு ஆய்வு: கால அட்டவணையும் வரவு செலவுத் திட்டமும்

கால அட்டவணை

பொது மருத்துவப் பிரிவின் இரண்டு வார்டுகளில், நோயாளி சேர்ந்த 8 மணி நேரத்துக்குள் பிரேடன் அளவுகோலால் படுக்கைப்புண் அபாயத்தை மதிப்பிட்டு, அதற்கேற்பப் படுக்கை நிலையை மாற்றிவரும் பராமரிப்பு நடைமுறைக்கு ஒத்துவருமா என்பதை அறியும் இவ்வாய்வு 12 மாதங்களில் நிறைவுறும்.

முதல் மூன்று மாதங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும், அளவுகோலைப் பயன்படுத்தும் அனுமதிக்கும், செவிலியர் பயிற்சிக்கும் உரியவை. ஒப்புதல் கிடைக்குமுன் எந்த நோயாளியிடமும் தகவல் திரட்டப்படாது. பயிற்சிக்கு இரண்டு முழு நாட்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு: அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்னும் முதல் நிலை அறிகுறி கருமையான தோலில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், தோலின் வெப்பத்தையும் இறுக்கத்தையும் தொட்டு ஒப்பிட்டுப் பழகுவது இன்றியமையாதது.

நான்காம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை நோயாளிகள் சேர்க்கப்படுவர். முழுத் தகவலுடன் 60 பேர் தேவை. இடையில் விலகுவோர் 15 விழுக்காடு இருக்கலாம் எனக் கருதி 72 பேரைச் சேர்ப்போம். வாரத்துக்கு நால்வர் வீதம் இதற்கு 18 வாரங்களும், கடைசியாகச் சேர்பவரை 14 நாட்கள் கண்காணிக்க மேலும் இரண்டு வாரங்களும் ஆகும். ஆறாம் மாத இறுதியில் எண்ணிக்கை 36ஐ எட்டாவிட்டால் மூன்றாவது வார்டு சேர்க்கப்படும்; அதற்கான அனுமதியை முதல் விண்ணப்பத்திலேயே கோருகிறோம்.

ஒன்பதாம் மாதம் தரவுச் சரிபார்ப்பு, அடுத்த இரண்டு மாதங்கள் பகுப்பாய்வு, இறுதி மாதம் அறிக்கை.

வரவு செலவுத் திட்டம்

கோரும் மொத்தத் தொகையில் 52 விழுக்காடு பகுதிநேர ஆய்வுச் செவிலியரின் ஊதியம். ஒரு நோயாளிக்கு முதல் மதிப்பீடு 40 நிமிடமும், ஒருநாள் விட்டு ஒருநாள் நடக்கும் ஏழு தோல் பரிசோதனைகள் தலா 20 நிமிடமும் ஆக 3 மணி நேரம் வேண்டும். 72 பேருக்கு 216 மணி நேரம். தகுதி பார்த்து இசைவு பெற 60 மணி நேரமும் பயிற்சிக்கு 16 மணி நேரமும் சேர்த்தால் 292 மணி நேரமாகும்.

வார்டு செவிலியர்கள் பயிற்சிக்கு வரும்போது அவர்களின் பணியைப் பார்ப்பவர்களுக்கு 14 விழுக்காடு ஒதுக்கியுள்ளோம். சிறிய ஆய்வுகளில் இச்செலவு பெரும்பாலும் கணக்கில் வராமல், பணிச்சுமை உடன்பணியாளர்கள் மீது விழுகிறது. ஆய்வுக்காக நோயாளி பராமரிப்பு குறைவதை எங்களால் ஏற்க இயலாது. பத்தில் ஒரு நோயாளியை இன்னொரு செவிலியர் தனியாகப் பரிசோதித்து இருவர் மதிப்பீடும் ஒத்துப்போகிறதா எனப் பார்ப்பதும் இத்தொகையில் அடங்கும்.

புள்ளியியல் வல்லுநரின் 20 மணி நேர ஆலோசனைக்கு 12 விழுக்காடு, படிவங்கள் மற்றும் அளவிடும் பொருட்களுக்கு 6, மறைகுறியாக்கிய தரவுச் சேமிப்புக்கு 3, முடிவுகளை வெளியிட்டுப் பகிர 8, எதிர்பாராச் செலவுக்கு 5. முதன்மை ஆய்வாளர் ஊதியம் பெறமாட்டார். அவருடைய வாராந்தர நான்கு மணி நேரத்தையும் அலுவலக இடத்தையும் மருத்துவமனையே தன் பங்களிப்பாக வழங்குகிறது.