ரூட் உறுதி செய்யும் முன் வண்டிப் பேப்பர்கள் வேண்டும்

வணக்கம் அண்ணே,

நீங்கள் கொடுத்த வாடகை ரேட்டை முதலாளி பார்த்துவிட்டார், அவருக்குச் சம்மதம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக பெங்களூருக்கு தினமும் ஒரு நடை, தர்மபுரி, தொப்பூர் வழியாக சேலத்துக்கு வாரம் மூன்று நடை, சென்னைக்கு வாரம் இரண்டு நடை. இந்த மூன்று ரூட்டையும் மே 4 முதல் ஒரு வருஷத்துக்கு உங்களிடமே கொடுக்கலாம் என்றுதான் பேச்சு. ஆனால் பேப்பர் சரியாகாமல் நான் ஆர்டர் லெட்டரில் கையெழுத்து வாங்க மாட்டேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோக்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், வண்டி நம்பரை mParivahan-இலும் போட்டுப் பார்த்தேன். இரண்டு டாடா ஏஸும் ஏறக்குறைய சரி, ஒன்றுக்கு மட்டும் புகைச் சான்று இல்லை. அந்த அளவு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை, அதை நான் கேட்கவும் இல்லை.

நீல ஐச்சரின் பாலிசியில் முதல் பக்கம் மட்டும் வந்திருக்கிறது, அதிலும் சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் உங்கள் கட்டைவிரல் நிற்கிறது. பாலிசி ஏப்ரல் 12 நள்ளிரவோடு முடிகிறது, ரூட் தொடங்குவதோ மே 4. புதுப்பித்த பிறகு முழு பாலிசியையும் பிடிஎஃப்-ஆக அனுப்புங்கள். இன்னொன்று, பிரீமியத்தை செக்காகக் கொடுத்தால் அது பாஸ் ஆனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செக் திரும்பினால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள், கையில் இருக்கும் பேப்பர் மட்டும் அப்படியே அழகாக இருக்கும்.

வெள்ளை ஐச்சருக்கு எஃப்.சி. மே 9-ஆம் தேதி முடிகிறது, அதாவது ரூட் தொடங்கி ஐந்தாம் நாள். அந்த வண்டி எட்டு வருஷம் தாண்டியதால் இனி வருஷா வருஷம் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் நாள் கிடைக்கவும், அதற்கு முன் பிரேக், லைட், பெயிண்ட் வேலையெல்லாம் முடியவும் எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போதே காட்டிவிடுங்கள்.

சிவப்பு 17 அடி வண்டிதான் கொஞ்சம் சிக்கல். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டது, பாலிசி இன்னும் பழைய ஓனர் பெயரில் இருக்கிறது. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும், ஆனால் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு நீங்கள் கிளெய்ம் போட்டால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வாங்கிய 14 நாளுக்குள் மாற்றியிருக்க வேண்டியது, பரவாயில்லை, இந்த வாரமே மாற்றுங்கள். அந்த வண்டிக்கு ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்பதையும் உள்ளபடி சொல்லுங்கள். ரோட்டில் மடக்கி வண்டியைப் பிடித்தால் உள்ளே இருக்கும் எங்கள் சரக்கும் சேர்ந்துதான் நிற்கும்.

பத்து சக்கர வண்டியை பெங்களூர் லைனுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், பர்மிட்டோ தமிழ்நாட்டுக்கு மட்டும் இருக்கிறது. நேஷனல் பர்மிட்டும் இந்த வருஷத்துக்கான ஆத்தரைசேஷனும் இல்லாமல் அது அத்திப்பள்ளியைத் தாண்டக் கூடாது. எடுக்கிற எண்ணம் இல்லை என்றால் அதைச் சென்னை லைனுக்கு மாற்றிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை, எதுவென்று மட்டும் முடிவு சொல்லுங்கள். ரோடு டாக்ஸ் இந்தக் குவார்ட்டருக்குக் கட்டிய ரசீது எல்லா வண்டிக்கும் வேண்டும்.

டிரைவர்களில் ஐந்து பேர் லைசன்ஸ் வந்தது, ஆறாவது ஆள் யார்? 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு எல்.எம்.வி. லைசன்ஸ் போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் 14 அடி ஐச்சர் இரண்டுக்கும் ஏஸுக்கும் நான் பிரச்சினை பண்ணவில்லை. 17 அடிக்கும் பத்து சக்கரத்துக்கும் கனரக லைசன்ஸ் கண்டிப்பாக வேண்டும். ஆதார் காப்பி வேண்டாம், ஏற்கெனவே அனுப்பியதை நான் அழித்துவிட்டேன்.

இவ்வளவு கறாராக ஏன் என்று நீங்கள் நினைப்பீர்கள். போன வருஷம் ஓட்டியவரின் வண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய விஷயம். மாம்பழக் கூழ் டின்கள், 3.1 கிலோ டின் ஆறு கொண்ட பெட்டிகள், பாதிக்கு மேல் நசுங்கிப் போயின. நசுங்கிய டின்னை எந்த ஜூஸ் கம்பெனியும் வாங்காது. அப்புறம்தான் தெரிந்தது, வண்டிக்கு எஃப்.சி. முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று கேட்டில் யாரும் கேட்கவில்லை, அது எங்கள் தப்பு. கிளெய்முக்காக ஐந்து மாதம் அலைந்தது நான்தான்.

உங்கள் வண்டி இன்ஷூரன்ஸ் எங்கள் சரக்கைக் காப்பாற்றாது, பேக்கேஜ் பாலிசியாக இருந்தாலும் சரி. சரக்குக்கு நாங்கள் தனியாக டிரான்சிட் பாலிசி வைத்திருக்கிறோம். ஆனால் அவர்கள் முதலில் கேட்பதே உங்கள் வண்டியின் எஃப்.சி., பர்மிட், டிரைவர் லைசன்ஸ்தான். எங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வரவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 17 அடியில் ஏறும் 300 பெட்டி மூன்றரை லட்சம் ரூபாய் சரக்கு. சரக்கு மதிப்பையும் அதற்கான கூடுதல் ரேட்டையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளாவிட்டால், 2007-ஆம் வருஷச் சட்டப்படி கேரியரின் பொறுப்பு வாடகையைப் போல 10 மடங்கோடு நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு லாரி ரசீதிலும் சரக்கு மதிப்பு எழுதப்படும், உங்கள் ரேட்டில் அதற்கு ஏதாவது கூட்ட வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், பில்லில் வந்து சொல்லாதீர்கள். கேரியர் பதிவுச் சான்று இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

உங்கள் வண்டி ரிப்பேர் ஆனால் மார்க்கெட்டில் வேறு வண்டி எடுத்து அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும், சீசனில் எல்லோரும் செய்வதுதான், தடுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியின் பேப்பரும் டிரைவர் லைசன்ஸும் லோடு ஏற்றுவதற்கு முன் என் கைக்கு வர வேண்டும். பாதி வழியில் வண்டி மாற்றினால் உடனே போன் செய்யுங்கள், இ-வே பில்லில் வண்டி நம்பரை மாற்றாமல் எல்லையில் மாட்டினால் அபராதம் பெரிது. கேட் செக்யூரிட்டியிடம் காலாவதித் தேதிப் பட்டியல் இருக்கும், தேதி தாண்டிய வண்டியை அவர் உள்ளே விடமாட்டார், என்னிடம் சிபாரிசுக்கும் வராதீர்கள். காலாவதிக்கு 30 நாள் முன் நானே ஞாபகப்படுத்துவேன்.

உங்களிடம் 10 வண்டிக்கு மேல் இல்லை என்பதால் பான் நம்பரோடு ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுங்கள், டி.டி.எஸ். பிடிக்க மாட்டோம். பில் வந்த 15 நாளில் பணம், அதில் மாற்றமில்லை.

ஏப்ரல் 20 திங்கட்கிழமைக்குள் மேலே சொன்னவை வந்தால் 22-ஆம் தேதி லெட்டர் தயார். சிவப்பு வண்டியும் பத்து சக்கரமும் தாமதமாகும் என்றால் மற்ற நான்கை வைத்து சேலம் லைனை மட்டும் முதலில் தொடங்கலாம், மீதி பேப்பர் வர வர சேர்த்துக்கொள்ளலாம். 22-ஆம் தேதி வரும்போது ஆர்.சி. ஒரிஜினல்களைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். காலை 11 மணிக்கு முன்னால் வந்தால் முதலாளியும் இருப்பார்.

இப்படிக்கு,
டெஸ்பாட்ச் பொறுப்பாளர்,
காவேரிப்பட்டணம் ரோடு யூனிட், கிருஷ்ணகிரி