நாய் கடித்தால்: திருத்திய வீடியோ பிரதி

படக்குழுவுக்கு: பழைய பிரதி, தண்ணீரைக் கண்டு அலறும் நோயாளியோடு தொடங்கியது. இந்தப் படம் ஓடப்போவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில். அங்கே கடிபட்ட காலோடு உட்கார்ந்திருப்பவரை இன்னும் பயமுறுத்த வேண்டாம். அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். 'இம்யூனோகுளோபுலின்' போன்ற சொற்களும் போய்விட்டன. ஆனால் ஆபத்தைச் சொல்லும் வரியை மழுப்பவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சோகப் பின்னணி இசை வேண்டவே வேண்டாம்.

காட்சி 1. வீட்டு வாசல் குழாய். பத்து வயதுப் பையனின் கெண்டைக்காலில் பல் தடம், லேசாக ரத்தம்.

பாட்டி: இந்தா, காப்பித்தூள் வெச்சு அமுக்கு.

அம்மா: வேணாம் அத்தை. சோப்பு எடுங்க.

(குழாய்த் தண்ணீர் காலில் விழுகிறது. சோப்பு நுரை. கேமரா அவசரப்படாமல் அங்கேயே நிற்கட்டும்.)

குரல்: ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுங்கள். கடியில் இறங்கிய கிருமியில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கழுவியதும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காட்சி 2. ஊசி போடும் அறை.

பையன்: சிஸ்டர், தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசியா?

செவிலியர் (சிரித்தபடி): அதெல்லாம் உங்க தாத்தா காலம்டா. இப்போ கையிலதான்.

குரல்: அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் நான்கு முறை வர வேண்டும்: முதல் ஊசி போட்ட அன்று, அதிலிருந்து 3-ஆம், 7-ஆம், 28-ஆம் நாட்களில். ரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். தடுப்பூசி பலன் தர சில நாட்கள் ஆகும், அதுவரை காவல் இருப்பது அந்த மருந்துதான். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் பயமில்லாமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் கிடையாது.

அம்மா: அது எங்க தெரு நாய்தான் சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு. பத்து நாள் பாத்துட்டு வரலாமா?

செவிலியர்: நாயைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா, ஆனா ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.

குரல்: வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது மிக மிக அரிது. ஆனால் கிருமி நரம்பு வழியாக மெல்லத்தான் மூளைக்குப் போகிறது. அது போய்ச் சேருமுன் தடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. உடனே கழுவி, ஊசிகளை முழுவதும் போட்டுக்கொண்டால் நோய் வராமல் தடுத்துவிடலாம். பூனை, குரங்கு கடித்தாலும் இதேதான். கடித்து நாளாகிவிட்டதே என்று தயங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், இன்றைக்காவது வாருங்கள்.

காட்சி 3. சுவரில் நாள்காட்டி. பையன் 28-ஆம் நாள் வரும் தேதியைப் பேனாவால் வட்டமிடுகிறான். பாட்டி எட்டிப் பார்க்கிறார்.

பாட்டி: அன்னைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.