லீவு சாங்ஷன்

காலை 7.40. காய்ச்சலில் கண் எரிய, நித்யா ஒரே மூச்சில் தட்டி அனுப்பினாள்: "சார், இரவிலிருந்து காய்ச்சல். இன்று வர இயலாது. மன்னிக்கவும்."

அனுப்பியபிறகுதான் மேலே பெயரைப் பார்த்தாள். அலுவலகக் குழு இல்லை, சொந்தக்காரர்கள் குழு. 43 பேர்!

பதறி அழுத்தியதில் விரல் 'எனக்கு மட்டும் நீக்கு' மேல் பட்டுவிட்டது. இப்போது அவளைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும். இதைவிடச் சும்மா இருந்திருக்கலாம்.

"எவ்வளவு டிகிரி?" என்றார் பெரியம்மா. "யார் அந்த சார்?" என்றாள் அத்தை மகள். அம்மாவின் போன் வேறு அடிக்கத் தொடங்கியது.

முதலில் அம்மாவிடம் பேசினாள். அப்புறம் குழுவில் எழுதினாள்: "ஆபீசுக்குப் போக வேண்டியது இங்கே வந்துவிட்டது. 101 டிகிரி. மாத்திரை போட்டாயிற்று. யாரும் கிளம்பி வர வேண்டாம்."

சித்தப்பாவிடமிருந்து பதில்: "லீவு சாங்ஷன். மருத்துவச் சான்றிதழ் பெரியம்மாவிடம் சமர்ப்பிக்கவும்."

சிரித்ததில் இருமல் வந்தது. இந்த முறை பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு அலுவலகக் குழுவில் அனுப்பினாள். 7.58.

"சரி, ரெஸ்ட் எடுங்க," என்றார் மேலாளர்.