கல்சியம், பராதைரொயிட் ஓமோன், விற்றமின் டி: பயிற்சி வினாக்களும் விளக்கமும்

கல்சியம் (அல்புமினுக்குத் திருத்தியது) 2.1–2.6, பொஸ்பேற் 0.8–1.5 மில்லிமோல்/லீற்றர், பராதைரொயிட் ஓமோன் 1.6–6.9 பிக்கோமோல்/லீற்றர் என்பவற்றைச் சாதாரண அளவுகளாகக் கொள்க. விடையைப் பார்க்க முன் ஒவ்வொரு நோயாளியிடத்தும் இதைக் கேளுங்கள்: இந்தக் கல்சியத்துக்கு இந்த ஓமோன் அளவு பொருந்துகிறதா?

வினா 1
கோப்பாயில் புகையிலை செய்யும் 55 வயதுக் கமக்காரர். சிறுநீரகக் கல் இரண்டாம் தரம். கல்சியம் 2.9, பொஸ்பேற் 0.7, ஓமோன் 6.2. ஓமோன் சாதாரணம் என்று விடலாமா?

விடக்கூடாது. கல்சியம் 2.9 ஆகும்போது ஓமோன் நன்றாக அடங்கியிருக்க வேண்டும். அடங்காமல் 6.2 இல் நிற்பதே கோளாறு: சுரப்பி தன்பாட்டில் சுரக்கிறது, பெரும்பாலும் ஒரு தீங்கற்ற கட்டியால். இந்த ஓமோன் சிறுநீரகத்தில் கல்சியத்தை மீள உறிஞ்சச் செய்யும். அப்படியிருந்தும் கல் ஏன் வந்தது? வடிகட்டப்படும் கல்சியமே அளவுக்கு மிஞ்சிவிட்டதால் சிறுநீரிலும் அது கூடுகிறது. என்பில் முதலில் தேய்வது புறணிப் பகுதி. ஆகவே முன்கையின் என்பு அடர்த்தியையும் அளக்க வேண்டும்.

வினா 2
மானிப்பாயில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் 71 வயது அம்மம்மா. இடுப்பு நோ, கதிரையைப் பிடித்துத்தான் எழும்புகிறார். கல்சியம் 2.14, பொஸ்பேற் 0.6, ஓமோன் 15, அல்கலைன் பொஸ்பற்றேஸ் அதிகம். கல்சியம் சரியாக இருக்க என்பு ஏன் நோகிறது?

அந்த 2.14 என்பால் கட்டிய விலை. விற்றமின் டி குறைய, குடலில் கல்சியமும் பொஸ்பேற்றும் உறிஞ்சப்படுவது குறையும். கல்சியம் சற்றுத் தாழ்ந்ததுமே ஓமோன் ஏறி, என்பிலிருந்து கல்சியத்தை எடுத்துக் குருதியில் சேர்க்கிறது. பொஸ்பேற்றைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. கனியுப்புப் போதாமல் புதிய என்புத்தளம் இறுகாமல் மென்மையாகவே கிடக்கும். இது என்பு மென்மையாதல். என்புத்துளை நோயில் என்பின் அளவே குறையும். இருக்கிற என்பு இறுகியே இருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

யாழ்ப்பாண வெயிலில் விற்றமின் டி குறையுமா என்று வகுப்பில் கேட்பார்கள். வெயில் தோலில் பட வேண்டும். மூடிய கண்ணாடி யன்னலூடாக வரும் வெளிச்சம் உதவாது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும்.

வினா 3
தைரொயிட் சத்திரசிகிச்சைக்கு மறுநாள், 46 வயதுப் பெண். உதட்டைச் சுற்றி விறைப்பு. பிறஷர் பட்டியை இறுக்கி வைத்திருக்க, கை குவிந்து மடங்குகிறது. கல்சியம் 1.7, பொஸ்பேற் 1.9, ஓமோன் 0.4. சாதாரண விற்றமின் டி குளிசை மட்டும் போதுமா?

போதாது. ஈரலில் மாறிய விற்றமின் டி, சிறுநீரகத்தில்தான் முழுச் செயலுருவம் பெறும். அந்தப் படியைத் தூண்டுவதே பராதைரொயிட் ஓமோன். அது இல்லாதபோது அல்பாகல்சிடோல் அல்லது கல்சிற்றிரியோல் தேவை. இப்போதைய அவசரத்துக்கு, இதயத் துடிப்பைக் கண்காணித்தபடி நாளத்தினூடாக மெதுவாகக் கல்சியம் குளுக்கோனேற்.

வினா 4
டயலிசிஸ் செய்பவரில் கல்சியம் 1.9, ஓமோன் 60. வினா 3 உடன் ஒப்பிட்டால் பொஸ்பேற் எப்படியிருக்கும்?

இங்கும் கூடித்தான் இருக்கும், காரணம் வேறு. அங்கே ஓமோன் இல்லை. இங்கே ஓமோன் ஏவியும் பொஸ்பேற்றை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு இயலாது.